ஐம்பது ஹெர்ட்ஸும் சரிபாதியும்: 555 ஐசியும் வீட்டு இன்வெர்ட்டரும்

2008-இல் தொடங்கிய மின்வெட்டு, 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே தமிழகம் முழுவதையும் நாளுக்குப் பல மணி நேரம் இருட்டில் வைத்தது. 2013 அக்டோபரில் கூடங்குளத்தின் முதல் அலகு மின்தொகுப்போடு இணைந்தது. அந்த அணுமின் நிலையம் அமைந்த திருநெல்வேலி மாவட்டமும் அதுவரை மின்வெட்டுக்கு விலக்கில்லை. கடையில் விற்ற இன்வெர்ட்டரை வாங்க வசதியில்லாதவர்களும், எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த மாணவர்களும் பழைய பேட்டரி ஒன்றும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் வைத்துக்கொண்டு தாங்களே இன்வெர்ட்டர் கட்டினார்கள். அப்படிக் கட்டிய பெரும்பாலான பலகைகளின் நடுவே எட்டுக் கால் கொண்ட 555 ஐசிதான் இருந்தது.

இந்த ஐசியைப் பற்றிக் கல்லூரி ஆய்வகத்தில் எல்லோரும் ஒரு சோதனை செய்திருப்பார்கள். இரண்டு ரெசிஸ்டர், ஒரு கப்பாசிட்டர் போட்டு அலை எடுத்து, சூத்திரத்தால் அதிர்வெண்ணும் டியூட்டி சைக்கிளும் கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதுவார்கள். அளந்ததும் கணக்கிட்டதும் சற்றே வேறுபட்டால் ஆய்வகத்தில் யாரும் கவலைப்படுவதில்லை. இன்வெர்ட்டரில் அந்தச் சிறிய வேறுபாடு டிரான்ஸ்ஃபார்மரைச் சூடாக்கி மாஸ்ஃபெட்டை எரிக்கிறது. ஆகவே இந்தச் சூத்திரம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, எங்கே கைவிடுகிறது என்று பார்க்க வீட்டு இன்வெர்ட்டரை விடச் சிறந்த சோதனைக்களம் எனக்குத் தெரியவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு ரெசிஸ்டரும் ஒரு கப்பாசிட்டரும் அதிர்வெண்ணைப் போதுமான துல்லியத்தோடு தரும். சரிபாதி டியூட்டி சைக்கிளை அவற்றிடம் கேட்கக் கூடாது; அதை வேறு வழியில்தான் பெற வேண்டும்.

555-ஐ ஹான்ஸ் கமன்சிண்ட் என்ற பொறியாளர் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தார்; 1972-இல் அது சந்தைக்கு வந்தது. உள்ளே மூன்று சம ரெசிஸ்டர்கள் வரிசையாக நின்று, கொடுக்கும் மின்னழுத்தத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு கீழ் எல்லை, மூன்றில் இரண்டு பங்கு மேல் எல்லை. வெளியே உள்ள கப்பாசிட்டர் RA, RB இரண்டின் வழியாகவும் நிரம்புகிறது. மேல் எல்லையைத் தொட்டதும் ஏழாம் பின்னில் உள்ள டிரான்சிஸ்டர் திறந்து, RB வழியாக மட்டும் அதை வடிக்கிறது. கீழ் எல்லை வந்ததும் டிரான்சிஸ்டர் மூடிக்கொள்ள, மறுபடி நிரம்பத் தொடங்குகிறது. நிரம்பும்போது மூன்றாம் பின்னில் வெளியீடு மேலே இருக்கும், வடியும்போது கீழே.

சூத்திரத்தில் வரும் 0.693 என்ற எண்ணைப் பலரும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். நிரம்பத் தொடங்கும்போது கப்பாசிட்டர் முழு மின்னழுத்தத்தை எட்ட மூன்றில் இரண்டு பங்கு பாக்கி. நிரம்பி முடியும்போது பாக்கி மூன்றில் ஒரு பங்கு. அதாவது பாக்கி சரியாகப் பாதியாகிறது. வடியும்போதும் இருப்பு மூன்றில் இரண்டிலிருந்து ஒன்றாகிறது, அதுவும் பாதி. ரெசிஸ்டர் வழியாக ஒரு கப்பாசிட்டரின் பாக்கியோ இருப்போ பாதியாக ஆகும் நேரம் RC-யை இரண்டின் இயல் மடக்கையால் பெருக்கினால் கிடைக்கும். அந்த மடக்கைதான் 0.693.

```
tH = 0.693 (RA + RB) C
tL = 0.693 RB C
f  = 1.443 / ((RA + 2RB) C)
D  = (RA + RB) / (RA + 2RB)
```

இதில் மின்னழுத்தம் எங்குமே இல்லை. இன்வெர்ட்டர் கட்டுபவருக்கு இதுவே பெரிய வரம். முழுதாக ஏறிய பேட்டரி சார்ஜரில் இருக்கும்போது 14 வோல்ட்டுக்கு மேல் காட்டும். காலியாகும் தறுவாயில் பத்தரை வோல்ட். எல்லைகளும் பேட்டரியோடு சேர்ந்தே இறங்குவதால் பாக்கி பாதியாகும் நேரம் மாறுவதில்லை. நடைமுறையில் சிறிது மாறத்தான் செய்கிறது. தயாரிப்பாளரின் தகவல் தாள், ஆஸ்டபிள் இணைப்பில் ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 0.3 சதவீதம் என்கிறது. பேட்டரி முழுதும் இறங்கும்போது ஐம்பதில் அரை ஹெர்ட்ஸ் அளவு. மின்விசிறிக்கும் விளக்குக்கும் அது ஒரு பொருட்டே இல்லை.

டியூட்டி சைக்கிளில்தான் சிக்கல். மேலேயுள்ள கடைசி வரியைப் பாருங்கள். தொகுதியில் RA ஒருமுறை, RB ஒருமுறை. பகுதியில் RB இருமுறை. RA சுழியாக இல்லாதவரை D ஐம்பது சதவீதத்துக்கு மேலேதான் நிற்கும். RA-வைச் சுழியாக்கவும் முடியாது: ஏழாம் பின்னின் டிரான்சிஸ்டர் திறக்கும்போது RA-தான் பேட்டரிக்கும் தரைக்கும் நடுவே நின்று மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது இல்லையென்றால் ஐசி அந்தக் கணமே போய்விடும்.

புஷ்-புல் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மரின் பன்னிரண்டு வோல்ட் பக்கம் இரண்டு பாதியாக இருக்கும். நடுமுனை பேட்டரியின் நேர்முனையில். ஒரு மாஸ்ஃபெட் ஒரு பாதியை இழுக்கும்போது இரும்புக் கருவில் காந்தப் பாயம் ஒரு திசையில் வளர்கிறது. அடுத்தது இழுக்கும்போது எதிர்த் திசையில். இரு நேரமும் சமமாக இருந்தால் பாயம் சுழியைச் சுற்றிச் சமமாக ஆடும். ஒன்று சற்று நீண்டால், சராசரியில் ஒரு டிசி மின்னழுத்தம் சுற்றின் மேல் எப்போதும் நிற்கிறது. கரு ஒரு பக்கமாகவே நகர்ந்து நிறைவெல்லையைத் தொடுகிறது. அங்கே தொட்டதும் சுற்று வெறும் செம்புக் கம்பியாகிவிடுகிறது. அந்தப் பாதியின் முடிவில் மின்னோட்டம் கூர்மையாக எகிறுகிறது. இதைக் கண்டுகொள்ள ஆசிலோஸ்கோப் தேவையில்லை. சுமை எதுவும் இல்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு இரண்டு ஹீட் சிங்கையும் தொட்டுப் பார்த்தால், ஒன்று சுடும், மற்றது ஆறியிருக்கும்.

முதலில் பலரும் செய்யும் வழியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 555-ஐ நேராக 50 ஹெர்ட்ஸில் ஓட்டி, வெளியீட்டை ஒரு மாஸ்ஃபெட்டுக்கு அப்படியேயும், மற்றதற்கு ஒரு டிரான்சிஸ்டரால் தலைகீழாக்கியும் கொடுக்கிறார்கள். C 0.1 மைக்ரோ ஃபாரட் என்றால் RA + 2RB சுமார் 288.6 கிலோ ஓம் வேண்டும். RA-வுக்கு 4.7 கிலோ ஓம் போட்டால் RB 142 கிலோ ஓம். டியூட்டி சைக்கிள் 50.8 சதவீதம். ஆய்வக நோட்டில் இதை ஐம்பது என்றே எழுதிவிடலாம். டிரான்ஸ்ஃபார்மர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பாதி 50.8, மற்றது 49.2, வேறுபாடு 1.6 சதவீதம். பன்னிரண்டு வோல்ட்டில் அது 0.19 வோல்ட் டிசி. இந்த டிசியைத் தடுக்க இருப்பது சுற்றின் செம்பு, மாஸ்ஃபெட், கம்பிகள் ஆகியவற்றின் மின்தடை மட்டும். சிறிய டிரான்ஸ்ஃபார்மரில் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் என்று வைத்தால், சுமையே இல்லாமல் சுமார் இரண்டு ஆம்பியர் வீணாக ஓடுகிறது. RA-வை ஒரு கிலோ ஓமுக்குக் குறைத்தால் கணக்கில் 50.2 சதவீதத்துக்கு இறங்கும். ஆனால் அந்த அளவில் சூத்திரத்தையே நம்ப முடியாது. உள்ளே உள்ள மூன்று ரெசிஸ்டர்களும் கச்சிதமாகச் சமமாக இருப்பதில்லை. ஏழாம் பின் தரையைச் சரியாகச் சுழிவரை தொடுவதுமில்லை. தகவல் தாளே ஆஸ்டபிள் நேரத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் தொடக்கப் பிழை சொல்கிறது. இரண்டு சதவீதம் தடுமாறும் கருவியிடம் அரைக்கால் சதவீதத் துல்லியம் எதிர்பார்ப்பது வீண்.

இரண்டாவது வழி புத்தகங்களில் நிறைய இருக்கிறது. RB-க்கு இணையாக ஒரு டயோடைப் போட்டால் நிரம்பும் மின்னோட்டம் RB-யைத் தாண்டிப் போகும். நிரம்ப RA மட்டும், வடிய RB மட்டும் என்று பிரிந்துவிடும். இரண்டையும் சமமாக வைத்தால் ஐம்பது சதவீதம் என்பார்கள். டயோடு விழுங்கும் 0.6 வோல்ட்டை மறந்துவிட்டதால் வரும் முடிவு அது. பேட்டரி 12.6 வோல்ட்டில் இருக்கும்போது கப்பாசிட்டர் 12 வோல்ட்டை நோக்கித்தான் ஏறுகிறது; எல்லைகளோ 4.2, 8.4 என்று முழு மின்னழுத்தத்தைப் பார்த்தே நிற்கின்றன. பாக்கி 7.8-இலிருந்து 3.6-க்கு இறங்க வேண்டும். 0.693-க்குப் பதில் 0.773 வருகிறது. வடியும் பக்கம் 0.693 அப்படியே. ஆக, சம ரெசிஸ்டர்களில் டியூட்டி சைக்கிள் 52.7 சதவீதம்.

இதை ஒரு பிரீசெட் வைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். 12.6 வோல்ட்டில் சரிபாதியாகத் திருத்தி வைத்தாலும், பேட்டரி பத்தரைக்கு இறங்கும்போது நிரம்பும் எண் 0.792 ஆகிறது, டியூட்டி சைக்கிள் 50.6-க்கு நகர்கிறது. டயோடு விழுங்குவது மாறாத 0.6, பேட்டரியோ சுருங்குகிறது. மின்னழுத்தத்தைச் சாராமை என்ற 555-இன் மிக அருமையான குணத்தை டயோடு கெடுத்துவிடுகிறது. விளக்கின் ஒளியை மட்டுப்படுத்தவோ, சிறிய மோட்டாரின் வேகத்தை மாற்றவோ இந்த இணைப்பு மிகப் பொருத்தம். அங்கே ஒரு சதவீதம் யாருக்கும் தெரியாது. டிரான்ஸ்ஃபார்மருக்கு உதவாது.

மூன்றாவது வழியில் ஏழாம் பின்னை விட்டுவிட்டு, மூன்றாம் பின்னிலிருந்தே ஒற்றை ரெசிஸ்டரால் நிரப்பி வடிப்பார்கள். சாதாரண 555-இன் வெளியீடு மேலே போகும்போது பேட்டரியை விட ஒன்றரை வோல்ட் அளவு குறைவாகவே நிற்பதால் டியூட்டி சைக்கிள் 57 சதவீதத்துக்கு அருகே போய்விடுகிறது. சீமாஸ் வகை 555-இல் இந்தக் குறை பெரும்பாலும் இல்லை. ஆனால் கேட்டவுடன் எல்லாக் கடையிலும் கிடைப்பது பழைய வகைதான்.

நான் பரிந்துரைக்கும் வழி எளிது. 555-ஐ 100 ஹெர்ட்ஸில் ஓட்டி, அதை 4013 என்ற ஃபிளிப்-ஃபிளாப் ஐசியால் பாதியாக்க வேண்டும். ஃபிளிப்-ஃபிளாப் வரும் அலையின் ஏறுமுகத்தை மட்டும் பார்க்கிறது. ஒவ்வொரு ஏறுமுகத்துக்கும் ஒருமுறை புரள்கிறது. ஓர் ஏறுமுகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு முழு அலை. ஆகவே அதன் இரு பாதிகளும் தலா ஒரு முழு அலை நீளம். அந்த அலைக்குள் மேலே எவ்வளவு நேரம், கீழே எவ்வளவு நேரம் என்பதை அது கேட்பதே இல்லை. 555 எழுபது சதவீதத்தில் ஓடினாலும் வெளியே வருவது சரிபாதி. அதோடு ஒன்றுக்கொன்று தலைகீழான இரண்டு வெளியீடுகளும் 4013-இலேயே கிடைக்கின்றன. தலைகீழாக்கத் தனி டிரான்சிஸ்டர் வேண்டியதில்லை.

100 ஹெர்ட்ஸுக்கு C 0.1 மைக்ரோ ஃபாரட் என்றால் RA + 2RB 144.3 கிலோ ஓம். கடையில் கிடைக்கும் மதிப்புகளில் RA 8.2, RB 68 என்று எடுத்தால் கூட்டல் 144.2. மேலே 5.28 மில்லி நொடி, கீழே 4.71; சேர்ந்து பத்தை ஒட்டி. டியூட்டி சைக்கிள் 52.8 சதவீதம், 4013-க்குப் பிறகு அதற்கு வேலையில்லை.

கணக்கு அழகாக முடிந்துவிட்டது என்பதால் அப்படியே சால்டர் செய்துவிடக் கூடாது. கப்பாசிட்டரின் மதிப்பு பத்து சதவீதம் கூடியிருந்தால் அதிர்வெண் 91, பாதியாக்கினால் 45.5 ஹெர்ட்ஸ். அதிர்வெண் குறையக் குறைய ஒவ்வொரு பாதியும் நீண்டு, கருவில் பாயம் அதே விகிதத்தில் கூடும். உள்ளூரில் சுற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மர்களில் இரும்பு தாராளமாக இருப்பதில்லை. 45 ஹெர்ட்ஸில் அவை உறுமத் தொடங்கும். எனவே RB-க்கு 56 கிலோ ஓமோடு 22 கிலோ ஓம் பிரீசெட் ஒன்றைத் தொடராக வைப்பது நல்லது. அப்போது 555-ஐ ஏறத்தாழ 88-இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை நகர்த்தலாம். கப்பாசிட்டர் எந்தப் பக்கம் பத்து சதவீதம் தவறியிருந்தாலும் நூறைப் பிடித்துவிடலாம்.

கப்பாசிட்டரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நிமிடம் நின்று நிதானிக்க வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷனில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் போய் “அண்ணாச்சி, நூத்தி நாலு ஒண்ணு குடுங்க” என்றால் இரண்டில் ஒன்று கைக்கு வரும். ஒன்று வட்டமாகத் தட்டையான பழுப்பு நிற செராமிக் டிஸ்க். மற்றது பச்சை நிறத்தில் பளபளப்பாகப் பருத்த மைலர். இரண்டின் மேலும் 104 என்றே இருக்கும், இரண்டும் 0.1 மைக்ரோ ஃபாரட்தான். எண்ணுக்குப் பின்னுள்ள எழுத்துதான் கதையைச் சொல்லும். மைலரில் ஜே அல்லது கே இருக்கும்: ஐந்து அல்லது பத்து சதவீதப் பிழை. டிஸ்க்கில் பெரும்பாலும் இசட் இருக்கும்: இருபது குறையலாம், எண்பது கூடலாம் என்று பொருள். பிழையைக்கூட பிரீசெட்டால் சமாளிக்கலாம், வெப்பத்தை முடியாது. நெல்லையின் மே மாதத்தில் வெளியே நாற்பது டிகிரியை நெருங்கும். மூடிய இன்வெர்ட்டர் பெட்டிக்குள் அறுபது சாதாரணம். மலிவு செராமிக் டிஸ்க் அந்த வெப்பத்தில் தன் கொள்ளளவில் முப்பது நாற்பது சதவீதத்தைக்கூட இழந்துவிடும். காலையில் ஐம்பதாகத் திருத்தி வைத்தது, முப்பது சதவீதம் இழந்தால் மதியம் எழுபதைத் தாண்டி ஓடும். மைலர் முப்பது டிகிரி ஏற்றத்தில் ஒரு சதவீதம் அளவே நகர்கிறது. “மைலரே குடுங்க அண்ணாச்சி” என்று கேட்டு வாங்க வேண்டும். டிஸ்க்கையும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஐசியின் எட்டாம் பின்னுக்கும் ஒன்றாம் பின்னுக்கும் ஒட்டினாற்போல் வைக்க அதுதான் பொருத்தம். 555 புரளும் கணத்தில் தானே ஒரு கூர்மையான மின்னோட்டத்தை இழுக்கும். அதற்குப் பக்கத்திலேயே சேமிப்பு வேண்டும்.

அதிர்வெண்ணைத் திருத்த, ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டர் இருந்தால் போதும். அது இல்லாதவர்களுக்கு, கரண்ட் இருக்கும் நேரத்தில் சுவரிலேயே அளவுகோல் இருக்கிறது. தாமிரபரணி மலையிறங்கும் பாபநாசத்தில் 1944 முதல் ஓடும் நீர்மின் நிலையத்தின் சுழலிகள் உட்பட, நாட்டின் மின்தொகுப்பில் உள்ள ஜெனரேட்டர்கள் அனைத்தும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. தென்மாநிலத் தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று மற்றவற்றோடு இணைந்தது. விதிப்படி அந்த அதிர்வெண் 49.90-க்கும் 50.05-க்கும் இடையே இருக்க வேண்டும். எந்த ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் தர முடியாத துல்லியம் இது.

ஒப்பிடும் முறை இதுதான். மாஸ்ஃபெட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஆறு வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சுவர் மின்சாரத்தில் செருகுங்கள். அதன் ஆறு வோல்ட் பக்கத்தின் ஒரு முனை பலகையின் தரைக்கு. மறுமுனையிலிருந்து 2.2 கிலோ ஓம், ஒரு டயோடு, ஒரு எல்இடி மூன்றையும் தொடராக 4013-இன் வெளியீட்டுக்குக் கொண்டுவாருங்கள். டயோடும் எல்இடியும் வெளியீட்டை நோக்கிப் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் மேலேயும் வெளியீடு கீழேயும் இருக்கும்போது மட்டும் எல்இடி எரியும். இரண்டு அதிர்வெண்ணும் சற்றே வேறுபட்டால் அது மெல்லப் பிரகாசித்து மெல்ல மங்கும். ஒரு நொடிக்கு ஒருமுறை மங்கினால் வேறுபாடு ஒரு ஹெர்ட்ஸ். பத்து நொடிக்கு ஒருமுறை என்றால் பத்தில் ஒரு ஹெர்ட்ஸ். பிரீசெட்டைத் திருப்பத் திருப்ப அந்த மூச்சு நீண்டுகொண்டே போவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடித்த காட்சி. பத்து நொடியை எட்டினால் போதும், பிரீசெட்டின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துப் பூட்டிவிடலாம்.

சரிபாதியைச் சோதிக்க இன்னும் எளிய வழி உண்டு. மல்டிமீட்டரை டிசியில், இருபது வோல்ட் அளவில் வைத்து, 4013-இன் இரண்டு வெளியீடுகளுக்கும் நடுவே பிடியுங்கள். மீட்டர் சராசரியைத்தான் காட்டும். இரு பாதியும் சமமென்றால் சுழி. முதல் வழியில் கட்டிய பலகையின் இரு வெளியீடுகளுக்கு இடையே இதே மீட்டர் 0.2 வோல்ட்டை ஒட்டிக் காட்டியிருக்கும்.

மாஸ்ஃபெட்டுகளையும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரையும் இணைத்த பிறகு இதே அளவை மறுபடி எடுக்க வேண்டும். அப்போது மறுமுனையில் 230 வோல்ட் இருக்கும் என்பதை நினைவில் வைத்து, கையைப் பேட்டரிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தனியே இருந்தபோது சுழி காட்டிய பலகை, இப்போது 0.1 அல்லது 0.2 காட்டினால் வியப்படைய வேண்டாம். ஃபிளிப்-ஃபிளாப் சரிபாதியைத் தர ஒரு நிபந்தனை உண்டு: அடுத்தடுத்த அலைகள் ஒரே நீளமாக இருக்க வேண்டும். மாஸ்ஃபெட்டின் பத்து ஆம்பியரும் 555-இன் தரைக் கம்பியும் ஒரே கம்பியில் போனால், அந்தக் கம்பியில் எழும் சிறு மின்னழுத்தம் 555-இன் எல்லைகளை அசைக்கும். ஒரு மாஸ்ஃபெட் இழுக்கும்போது ஓர் அளவு, மற்றது இழுக்கும்போது வேறோர் அளவு. அதனால் ஒற்றைப்படை அலையும் இரட்டைப்படை அலையும் நீளத்தில் வேறுபடுகின்றன. வாசல் வழியாக வெளியேற்றிய ஏற்றத்தாழ்வு கொல்லை வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

மருந்து கம்பியில்தான் இருக்கிறது. 555, 4013 இரண்டின் தரையும் தனிக் கம்பியாகப் பேட்டரியின் எதிர்முனைக்கே நேராகப் போக வேண்டும். மாஸ்ஃபெட்டின் தடித்த கம்பி வேறாக. ஐசிகளுக்கான மின்சாரம் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக வந்து, 47 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டரில் தேங்கிப் போகட்டும். 555-இன் ஐந்தாம் பின்னிலிருந்து தரைக்கு ஒரு 0.01 மைக்ரோ ஃபாரட். மூன்றையும் செய்த பிறகு, முழுச் சுமையில் இரு வெளியீடுகளுக்கு இடையே டிசி 0.02 வோல்ட்டுக்குள் நின்றால், இரண்டு ஹீட் சிங்கும் ஒரே சூட்டில் இருக்கும்.